திரையின் 120 ஹெர்ட்ஸும் தீரும் பேட்டரியும்

புது போன் வாங்கியவர் அமைப்புகளுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் நின்றுவிடுவார். திரையின் வேகம் 60 ஹெர்ட்ஸா, 120 ஹெர்ட்ஸா? பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், "அறுபதுல வைங்க, சார்ஜ் நிக்கும்" என்பார். கடைக்காரரைக் கேட்டால், "காசு குடுத்து வாங்கிட்டு எதுக்கு சார் குறைச்சு வைக்கிறீங்க? பெரிய வித்தியாசம் எல்லாம் இல்ல" என்பார். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு போன்களுக்கு. நம் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

60 ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு நொடிக்கு 60 முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது. அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறை. 120 ஹெர்ட்ஸில் இந்த இடைவெளி 8.3 மில்லிநொடியாகிறது. கண்ணுக்கு இது தெரியும் இடம் முக்கியமாக ஒன்றுதான்: விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும்போது. 60-ல் நகரும் எழுத்து கலங்கி, நின்ற பிறகுதான் தெளியும். 120-ல் நகரும்போதே வாசிக்க முடிகிறது. விரலுக்கும் படத்துக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்னத் தாமதமும் குறைகிறது. பெட்டியில் 'டச் சாம்பிளிங் 240 ஹெர்ட்ஸ்' என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது விரல் எங்கே இருக்கிறது என்று திரை எத்தனை முறை பார்க்கிறது என்பதற்கான கணக்கு. படம் வரைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2017-ல் ரேசர் நிறுவனம் கேம் ஆடுபவர்களுக்காக 120 ஹெர்ட்ஸ் போன் ஒன்றைக் கொண்டுவந்தபோது அது ஒரு விசித்திரமாகத்தான் பார்க்கப்பட்டது. 2019-ல் ஒன்பிளஸ் 7 ப்ரோ 90 ஹெர்ட்ஸுடன் வந்தது. அடுத்த ஆண்டு சாம்சங் கேலக்ஸி எஸ்20 வரிசையில் 120 வந்தது. இன்றைக்கு மலிவு விலைப் போன்களின் அட்டைப்பெட்டியிலும் இந்த எண்ணைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். எஸ்20-ஐப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 120 என்று விளம்பரப்படுத்தப்பட்ட அந்தப் போன், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 60-ல்தான் ஓடியது. வேண்டுமென்றால் நாமே அமைப்புகளுக்குப் போய் மாற்ற வேண்டும். மாற்றினாலும், திரையின் உச்சத் தெளிவும் 120-ம் சேர்ந்து கிடைக்காது. ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி என்ன பாடுபடும் என்று தயாரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மின்சாரம் இரண்டு இடங்களில் கூடுதலாகச் செலவாகிறது. முதலாவது, திரைத் தகட்டிலேயே. லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு வரிசை வரிசையாக மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டு போகும் ஓட்டுநர் சிப் ஒன்று திரையின் விளிம்பில் இருக்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் அது மேலிருந்து கீழ்வரை எல்லா வரிசையையும் முடித்தாக வேண்டும். புதுப்பிப்பு இரட்டிப்பானால் அந்த ஏற்றி இறக்கும் வேலையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டாவது, பிராசஸரில். படம் உண்மையிலேயே நகர்கிறது என்றால், 8.3 மில்லிநொடிக்கு ஒரு புதுப் படத்தைக் கிராபிக்ஸ் பகுதி வரைந்து தர வேண்டும். இடையில் ஓய்ந்து கிடக்கும் நேரம் அதற்குக் குறைகிறது. பிராசஸர் ஓய்வில் இருக்கும்போதுதான் பேட்டரி மிஞ்சும்.

இங்கே கவனிக்க வேண்டியது, திரையின் வெளிச்சத்துக்கு ஆகும் மின்சாரம் இந்தக் கணக்கில் வராது. அமோலெட் திரையில் புள்ளிகள் ஒளிர்வதற்கான செலவு, எவ்வளவு பிரகாசம், எவ்வளவு வெள்ளை என்பதைப் பொறுத்தது. எல்சிடி திரையில் பின்விளக்கு ஒன்று எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். இவை இரண்டுமே 60-ல் இருந்தாலும் 120-ல் இருந்தாலும் ஒரே அளவுதான். அதனால்தான் '120 என்றால் இரண்டு மடங்கு சார்ஜ்' என்பது தப்புக்கணக்கு. வெயிலில் நின்று முழுப் பிரகாசத்தில் போனைப் பார்க்கிறவருக்கு வெளிச்சமே பேட்டரியைத் தின்றுவிடும்; ஹெர்ட்ஸின் பங்கு அதில் அமுங்கிப்போகும். இரவில் அறைக்குள் மங்கிய வெளிச்சத்தில் படிப்பவருக்கோ, வெளிச்சச் செலவு குறைவு என்பதால் ஹெர்ட்ஸ் செலவு துருத்திக்கொண்டு நிற்கும்.

சரி, நகரும்போது 120, நிற்கும்போது குறைவு என்று வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்ததே என்று தோன்றும். டவுன் பஸ் ஆளில்லாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் நகரும். பழைய திரைகள் டவுன் பஸ் ரகம். அசையாத ஒரு செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் ஐந்து நிமிடம் சும்மா இருந்தாலும், அதே படத்தை நொடிக்கு 120 தடவை திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்நேரம் பிராசஸர் ஓய்வெடுக்கலாம், ஏனென்றால் கடைசிப் படத்தைத் திரையின் சிப்பே தன்னிடம் வைத்திருக்கும். ஆனால் திரைத் தகடு ஓய்வெடுக்க முடியாது.

ஏன் முடியாது என்பதுதான் இந்த விவகாரத்தின் முடிச்சு. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் மிகச்சிறிய டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. எவ்வளவு ஒளிர வேண்டும் என்ற மின்னழுத்தத்தை, அடுத்த புதுப்பிப்பு வரும்வரை அந்தப் புள்ளி பிடித்து வைத்திருக்க வேண்டும். வழக்கமான அமோலெட்டில் இந்த டிரான்சிஸ்டர்கள் ஒருவகைச் சிலிக்கனால் ஆனவை. வேகமானவைதான், ஆனால் சிறிதளவு மின்கசிவு உண்டு. புதுப்பிக்காமல் நீண்ட நேரம் விட்டால் வெளிச்சம் மெல்ல இறங்கி, அடுத்த முறை குபீரென்று ஏறும். கண் அதை மினுக்கலாகப் பார்க்கும். ஆக்சைடு டிரான்சிஸ்டர்களில் இந்தக் கசிவு மிகமிகக் குறைவு. இரண்டு வகையையும் ஒரே திரையில் கலந்து, கசியக்கூடாத இடத்தில் ஆக்சைடும் வேகம் வேண்டிய இடத்தில் சிலிக்கனும் வைத்த தொழில்நுட்பத்தைத்தான் எல்டிபிஓ என்கிறார்கள். 2019-ல் வந்த ஆப்பிள் வாட்ச் 5-இன் திரை நாள் முழுக்க எரிந்துகொண்டே இருக்க முடிந்தது இதனால்தான். சும்மா இருக்கும்போது நொடிக்கு ஒரே ஒரு முறைதான் அது புதுப்பித்துக்கொண்டது. 2020-ல் கேலக்ஸி நோட் 20 அல்ட்ராவும், 2021-ல் ஐபோன் 13 ப்ரோவும் 10 ஹெர்ட்ஸ்வரை இறங்கக்கூடிய திரைகளுடன் வந்தன. ஐபோன் 14 ப்ரோவில் அது 1 ஹெர்ட்ஸாகியது. பேட்டரியைப் பொறுத்தவரை திரை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் பெரிய விஷயம். விளம்பரத்தில் ஏறும் எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள்.

எல்டிபிஓ இல்லாத அமோலெட்டுகள் 120, 90, 60 என்று படிப்படியாகத் தாவும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019 அக்டோபரில் கூகுள் பிக்சல் 4 வெளியானது. 90 ஹெர்ட்ஸ் திரை, பேட்டரியோ வெறும் 2800 எம்.ஏ.எச். வாங்கிய சில நாளிலேயே பயனர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிரகாசத்தைச் சுமார் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கினால் திரை சத்தமில்லாமல் 60-க்கு விழுந்தது. வீட்டுக்குள் யார் அவ்வளவு பிரகாசம் வைப்பார்கள்? ஆக, காசு கொடுத்து வாங்கிய 90 பெரும்பாலான நேரம் இல்லவே இல்லை. கேள்வி எழுந்ததும், சில வெளிச்ச நிலைகளில் வேண்டுமென்றே 60-ல் வைத்திருக்கிறோம், வரும் மேம்படுத்தலில் மேலும் பல நிலைகளில் 90 கிடைக்கும் என்று கூகுள் விளக்கம் தந்தது.

வெளிச்சத்தைப் பார்த்து வேகத்தைக் கட்டிவைக்கும் இந்தப் பழக்கம் இன்றும் பல போன்களில் உண்டு, பேட்டரிக்காக மட்டும் அல்ல. 60-ல் ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் வேறு, 120-ல் கிடைக்கும் நேரம் வேறு. அதனால் ஒரே சாம்பல் நிறம் இரண்டிலும் இம்மி வேறுபட்டுத் தெரியலாம். வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது. இருட்டறையில், மங்கிய திரையில், வேகம் மாறும் ஒவ்வொரு முறையும் திரை பச்சையாகவோ வெளிறியோ ஒரு கணம் துடிக்கும். அதைத் தவிர்க்க, மங்கிய வெளிச்சத்தில் மேலே கீழே போகாமல் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறார்கள். அந்தப் பூட்டு சில போன்களில் 60-ல் விழும், சிலவற்றில் 120-ல். உங்கள் போன் இரண்டாம் ரகம் என்றால், படுக்கையில் மின்னூல் படிக்கும் அந்த ஒரு மணி நேரம் முழுக்கத் திரை உச்ச வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இதை நாமே பார்க்க முடியும். ஆண்ட்ராய்டு போனில் About phone பகுதிக்குள் இருக்கும் Build number-ஐ ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும் (ஷியோமி வகைப் போன்களில் தட்ட வேண்டியது OS version அல்லது MIUI version). அதற்குள் Show refresh rate என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் திரையின் மூலையில் ஓர் எண் தோன்றும். இப்போது ஏதாவது ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து, விரலால் தள்ளுங்கள். எண் 120 காட்டும். விரலை எடுத்துவிட்டு ஓரிரு நொடி காத்திருங்கள். எண் 60-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கினால், உங்கள் போன் தானாகவே சிக்கனம் செய்துகொள்கிறது என்று அர்த்தம். இறங்காமல் 120-லேயே நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பக்கத்தில் ஏதோ ஒரு விளம்பரம் அசைந்துகொண்டிருக்கலாம்.  வெறும் எழுத்து மட்டும் உள்ள பக்கத்திலும் இறங்கவில்லை என்றால், போன் நிலையான 120-ல் ஓடுகிறது. சில எல்டிபிஓ போன்களில் இந்த எண் மென்பொருள் கேட்கும் வேகத்தை மட்டுமே காட்டும், தகடு தனக்குள்ளேயே இன்னும் கீழே இறங்கியிருக்கும். ஆகவே அங்கே எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். மற்றவற்றில் நம்பலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. நிலையான 120-ல் ஓடும் ஒரு போன், திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கும்போது 60-ஐவிட 0.4 வாட் அதிகம் எடுக்கிறது என்றும், அசையாத பக்கத்தில் 0.15 வாட் அதிகம் எடுக்கிறது என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். போனுக்குப் போன் இது மாறும். ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொண்டும், இரண்டு மணி நேரம் நிறுத்திப் படித்துக்கொண்டும், இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்துக்கொண்டும் இருக்கிறார். வீடியோவின்போது போன் 60-க்கு இறங்கிவிடுகிறது. கூடுதல் செலவு: தள்ளுவதில் 0.8, படிப்பதில் 0.3, வீடியோவில் பூஜ்யம். மொத்தம் 1.1 வாட்-மணி. பேட்டரியில் 6 விழுக்காடு. காலையில் 100-ல் கிளம்பி இரவு 30-ல் வீடு திரும்புகிறவருக்கு இது 24 ஆகும், அவ்வளவுதான். கவலைப்பட ஒன்றுமில்லை. இரவு 8-ல் திரும்புகிறவருக்கோ, வழியில் போன் அணையுமா அணையாதா என்பதே இந்த 6-ல் இருக்கிறது. பேட்டரி மூன்று வருடம் பழசாகி 80 விழுக்காடு கொள்ளளவுக்கு வந்துவிட்டால், அதே 1.1 வாட்-மணி 7 விழுக்காடாகத் தெரியும்.

இதில் வீடியோவைப் பூஜ்யம் என்று போட்டேன். அதற்கு விளக்கம் வேண்டும். திரைப்படம் நொடிக்கு 24 படங்களில் எடுக்கப்படுகிறது. தொலைக்காட்சி, யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் 25, 30, சில 60. நொடிக்கு 24 படம் மட்டுமே இருக்கும் ஒன்றைத் திரை 120 முறை புதுப்பித்தாலும் புதிதாகக் காட்ட எதுவும் இல்லை. அதனால்தான் வீடியோ ஓடும்போது பல போன்கள் தாமே 60-க்கு இறங்கிவிடுகின்றன. ஆனால் 24 என்பது 60-ல் சமமாக வகுபடாது. ஒரு படத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு சின்னத் தடுமாற்றம் தெரிவது இதனால்தான். 120-ல் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை வந்துவிடும், தடுமாற்றம் இருக்காது. நல்ல எல்டிபிஓ திரைகள் 24-க்கே இறங்கி, சிக்கனத்தையும் ஒழுங்கையும் சேர்த்தே சாதிக்கின்றன. படம் பார்ப்பதில் கண் அவ்வளவு கூர்மையாக இல்லாதவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து பெரும்பாலானோர் சொன்ன பிறகுதான் கவனிக்கிறார்கள்.

கேம்களில் கதை வேறு. கேம் தன் அளவில் 60 படங்களுக்கு மேல் தராது என்றால், திரை 120-ல் ஓடுவது ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டுவதோடு சரி. அங்கே 60-க்கு மாற்றிவிடுவதில் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை. 90 அல்லது 120 படங்கள் தரும் கேம் என்றால் பிராசஸர் முழுமூச்சாக உழைக்கும், போன் சுடும், சூடு கூடியதும் போனே வேகத்தைக் குறைக்கும். அப்போது 120 என்பது முதல் கால் மணி நேரத்துக்கான எண்.

மலிவு விலைப் போன்களில் இதே பிரச்சினை கேம் இல்லாமலே வருகிறது. எல்சிடி திரையில் 120 ஹெர்ட்ஸ் இருக்கும். பின்விளக்கே பெரும்பகுதி மின்சாரத்தை எடுப்பதால், தகட்டின் கூடுதல் செலவு விகிதத்தில் பெரிதாக இராது. சிக்கல் சிப்பில் இருக்கிறது. 8.3 மில்லிநொடிக்குள் ஒரு படத்தை வரைந்து முடிக்க அதற்குத் திராணி இல்லை. சில படங்கள் நேரத்துக்கு வரும், சில ஒரு சுற்றுத் தவறி வரும். கண்ணுக்குச் சீரான 60 உறுத்தாது. 120-க்கும் 60-க்கும் இடையே தத்தளிப்பது உறுத்தும். படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தை வேகமாகத் தள்ளும்போது விட்டுவிட்டு இழுப்பது போலத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. அப்படிப்பட்ட போனில் 90 என்ற தேர்வு இருந்தால் அதை வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் 60. பேட்டரியும் மிஞ்சும், பார்க்கவும் நிதானமாக இருக்கும்.

மாற்றும் இடம் போனுக்குப் போன் வேறு பெயரில் இருக்கும். சாம்சங்கில் Display என்பதற்குள் Motion smoothness. அங்கே Adaptive, Standard என இரண்டு. Adaptive என்பது தேவைக்கு ஏறி இறங்குவது. பிக்சலில் Smooth Display. ஷியோமி வகைப் போன்களில் Refresh rate. ஐபோனில் ப்ரோ மாடல்களிலும், 2025-ல் வந்த ஐபோன் 17-லும் 120 வரை போகும் திரை உண்டு. அதைக் கட்டுப்படுத்த Accessibility, Motion, Limit Frame Rate என்று மூன்று படி உள்ளே போக வேண்டும். அவ்வளவு ஆழத்தில் வைத்ததிலிருந்தே, நீங்கள் அதைத் தொட வேண்டாம் என்றுதான் ஆப்பிள் நினைக்கிறது என்று தெரிகிறது. 1 ஹெர்ட்ஸ்வரை இறங்கும் திரைக்கு அந்த நினைப்பு நியாயம்தான். இன்னொரு வழியும் இருக்கிறது. பேட்டரி சேமிப்பு முறையை இயக்கினால் ஐபோனும் பல ஆண்ட்ராய்டு போன்களும் தாமாகவே 60-க்கு வந்துவிடும். சாதாரண நாளில் 120, திருமணத்துக்கோ நெடுந்தூரப் பயணத்துக்கோ போகும் நாளில் மட்டும் சேமிப்பு முறை என்று வைத்துக்கொள்வது பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

அடுத்தவர் சொல்வதை நம்பாமல் சோதிக்க விரும்புபவர்களுக்கு ஒரு முறை சொல்கிறேன். தானியங்கிப் பிரகாசத்தை நிறுத்தி, அளவை நடுவில் வையுங்கள். விமானப் பயன்முறைக்குப் போங்கள், ஏனென்றால் சிக்னல் பலவீனமான இடத்தில் கோபுரத்தைத் தேடும் செலவு ஹெர்ட்ஸ் கணக்கையே குழப்பிவிடும். 100-ல் தொடங்காதீர்கள், பல போன்கள் 100-ஐ உண்மைக்கு மீறி நீண்ட நேரம் காட்டிக்கொண்டிருக்கும். 80-ல் தொடங்கி, சேமித்து வைத்த எழுத்துப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, திரை அணையாதபடி ஒரு மணி நேரம் விடுங்கள். எத்தனை இறங்கியது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் அதே 80-லிருந்து 60 ஹெர்ட்ஸில் இதையே செய்யுங்கள். வித்தியாசம் ஒரு விழுக்காடு என்றால் அது அளவுகோலின் பிழையாகவே இருக்கலாம். நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தெளிவான வித்தியாசம் தெரிந்தால், உங்கள் திரைக்கு இறங்கத் தெரியவில்லை. புது மென்பொருள் வந்து இறங்கிய ஓரிரு நாளில் இந்தச் சோதனை வேண்டாம், பின்னணியில் போன் தனக்கான வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

புதிதாக வாங்கப் போகிறவர் விவரப் பட்டியலில் 120-ஐ விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கும் எண்ணைத் தேட வேண்டும். 1–120 என்றோ எல்டிபிஓ என்றோ இருந்தால் 60-க்கு மாற்றும் யோசனையே தேவைப்படாது. அடாப்டிவ் என்ற சொல் மட்டும் இருந்தால் அது 60, 90, 120 என்ற மூன்று படியாகவும் இருக்கலாம். கீழ் எண்ணே போடவில்லை என்றால், கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் போனில் Build number-ஐ ஏழு முறை தட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதற்குமேல் தேவைப்படுவது, ஓர் எழுத்துப் பக்கமும் ஐந்து நொடி பொறுமையும்தான்.